பட்டியலில் தோழியின் பெயர்

நெருங்கிய தோழிக்குப் பெரிய வெற்றி ஒன்று கிடைக்கிறது. செய்தி கேட்டதும் மனம் உண்மையாகவே துள்ளுகிறது. அடுத்த நொடியே நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்று தைக்கிறது. மகிழ்ச்சி போய்விடவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த நிலையில் இருப்பவர்களை வாட்டும் கேள்விகள் இரண்டு. என் மகிழ்ச்சி போலியா? இப்போது அவளிடம் நான் என்ன பேசுவது? முதல் கேள்விக்கு அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே பதில் தேடியிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை அண்மைக்கால உளவியல்தான் நெருங்கிப் பார்த்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க, தமிழ்நாட்டில் பலரும் அறிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: குடிமைப் பணித் தேர்வு.

சென்னை அண்ணா நகரில் ஒரே விடுதி அறையில் தங்கி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து யுபிஎஸ்சிக்குப் படிக்கும் இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாடத்திட்டம், ஒரே பயிற்சி மையம், ஒருத்தி எழுதிய குறிப்பை மற்றவள் நகலெடுத்துப் படித்த வருடங்கள். பிரிலிம்ஸ் இருவருக்கும் தாண்டியது. மெயின்ஸில் ஒருத்தி நின்றுவிட்டாள். மற்றவள் டெல்லி ஷாஜகான் சாலை தோல்பூர் ஹவுஸில் நேர்காணலை முடித்துவிட்டு வந்தாள். இறுதிப் பட்டியல் பிடிஎஃப் ஆக வெளியாகிறது. தரவரிசை, பதிவெண், பெயர். விண்ணப்பித்தவர்கள் 10 லட்சத்துக்கு நெருக்கம். பட்டியலில் இருப்பவர்களோ 1,000 பேர் அளவில்தான். அதில் ஒரு பெயர் தோழியுடையது.

இந்தத் தேர்வில் இன்னொரு கொடுமை உண்டு. 2022ஆம் ஆண்டுத் தேர்வின் இறுதி முடிவு 2023 மே 23 அன்று வந்தது. அடுத்த பிரிலிம்ஸ் மே 28. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 2025 ஏப்ரல் 22இல் முடிவு, மே 25இல் அடுத்த பிரிலிம்ஸ். தேறாதவள் தன் துக்கத்தையும் தோழியின் கொண்டாட்டத்தையும் அடுத்த தேர்வின் படிப்பையும் அதே சில வாரங்களுக்குள் சுமக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு வரும் பொறாமையைப் பற்றிப் பேசும்போது இந்த நெருக்கடியை மறந்துவிடக் கூடாது.

பொறாமை தூரத்தில் இருப்பவர்மேல் வருவதில்லை. அரிஸ்டாட்டில் தன் ‘ரெட்டரிக்’ நூலின் இரண்டாம் பகுதியில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார். வயதிலும் பிறப்பிலும் நிலையிலும் நமக்குச் சமமாக இருப்பவர்கள்மேல்தான் நாம் பொறாமைப்படுகிறோம் என்பது அவர் கண்டது. முதல் ரேங்க் எடுத்த வடநாட்டுப் பையனின் நேர்காணலை யூடியூபில் பார்க்கும்போது நம் பெண்ணுக்கு ஒன்றும் தைக்காது. அறைத் தோழி 400ஆவது ரேங்க் எடுத்தால் தைக்கும்.

இதைச் சோதனைக்கு உட்படுத்தியவர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஆபிரகாம் டெஸ்ஸர். ஜொனாதன் ஸ்மித்துடன் சேர்ந்து 1980இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை பேசப்படுகிறது. மாணவர்களை நண்பரோடு வரச் சொல்லி ஒரு சொல் விளையாட்டு நடத்தினார்கள். மற்றவர் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க நாம் துப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்கக்கூடிய துப்புகளில் எளியவையும் இருந்தன, கடினமானவையும் இருந்தன. இது வெறும் விளையாட்டு என்று சொல்லப்பட்டபோது மாணவர்கள் அந்நியரைவிட நண்பருக்கே நல்ல துப்புகளைக் கொடுத்தார்கள். இது முக்கியமான திறமையை அளக்கும் சோதனை என்று சொல்லப்பட்டபோது நிலைமை தலைகீழானது. நண்பருக்குக் கடினமான துப்புகள் போயின, அந்நியருக்கு எளியவை போயின. ஆய்வுக்கூடத்தில் ஆடிய சிறு விளையாட்டை வைத்து முழு வாழ்க்கையையும் அளந்துவிட முடியாது. ஆனால் அது காட்டிய திசை முக்கியமானது. நெருக்கமும் இருந்து, போட்டியிடும் களமும் நம் உயிர்நாடியாக இருந்தால், நல்ல நட்பிலும் இந்தக் குத்தல் வரும். களம் வேறாக இருந்தால் அதே நெருக்கம் பெருமையாக மாறிவிடும். ‘என் தோழி கலெக்டர்’ என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்லிக்கொள்வது, தான் கலெக்டர் ஆக நினைக்காத பெண்ணுக்கு எளிது.

நம் மரபு போற்றும் நட்புகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரிகிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும், பாரியும் கபிலரும், அதியமானும் ஔவையாரும். ஒருபக்கம் அரசர், மறுபக்கம் புலவர். கோப்பெருஞ்சோழன் தானும் பாடல் புனைந்தவன்தான். ஆனாலும் அவனுடைய நாட்டைப் பிசிராந்தையார் விரும்பியதில்லை, அவருடைய புகழால் அவன் தாழ்ந்துபோனதும் இல்லை. அந்த நட்புகளின் பெருமையை இது குறைக்காது. ஆனால் ஒரே பதவிக்கு விண்ணப்பித்த இரண்டு பேரின் நட்புக்கு அவற்றை அளவுகோலாக வைத்தால், தேறாதவள் தன்னையே பொல்லாதவள் என்று முடிவு கட்டிக்கொள்வாள். வள்ளுவர் அழுக்காறாமையை இல்லறவியலில் ஓர் அதிகாரமாகவே வைத்தார். பொறாமை கொள்பவருக்கு வரும் கேட்டை அந்த அதிகாரம் அழுத்தமாகச் சொல்கிறது. வந்துவிட்ட பொறாமையோடு நாளை காலை தோழியின் முகத்தைப் பார்ப்பது எப்படி என்பது அதன் பொருள் அல்ல. அந்த வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில் இது: மகிழ்ச்சி போலியில்லை. அது அவளைப் பற்றியது. குத்தல் தன்னைப் பற்றியது. ஒரே செய்தி இரண்டையும் கொண்டுவருவதால் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடாது.

ஆனால் குத்தல் அப்படியே நின்றுவிடுவதில்லை, ஏதோ ஒரு பக்கம் நகரும். நெதர்லாந்து ஆய்வாளர் நீல்ஸ் வான் டி வென்னும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்றில் மனம் ‘அவள் இருக்கும் இடத்துக்கு நானும் போக வேண்டும்’ என்கிறது. மற்றொன்றில் ‘அவள் அங்கே இருக்கக் கூடாது’ என்கிறது. எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முக்கியமாக இரண்டு எண்ணங்கள் முடிவு செய்கின்றன. அந்த வெற்றி அவளுக்குத் தகும் என்று நினைக்கிறோமா? நமக்கும் இனி அது கைகூடும் என்று நினைக்கிறோமா? பின்னர் ஜென்ஸ் லாங்கேயும் சக ஆய்வாளர்களும் 2018இல் இதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: வலி. அந்த வலியைத் தனியாகப் பார்ப்பது உதவுகிறது. முதல் இரவில் அழுகை வருவது வலி மட்டும்தான், அதற்காகக் குற்றவுணர்ச்சி தேவையில்லை.

திசை மாறுவதைக் கண்டுகொள்ள, இந்தத் தேர்விலேயே ஒரு கட்டம் இருக்கிறது. இறுதி முடிவுக்குச் சில நாட்கள் கழித்து மதிப்பெண்கள் இணையத்தில் வரும். மெயின்ஸுக்கு 1,750, நேர்காணலுக்கு 275, ஆக மொத்தம் 2,025. தேறாதவள் தன் மதிப்பெண்ணைத் திறந்து எந்தத் தாளில் விட்டோம் என்று பார்க்கிறாள். பிறகு தோழியுடையதையும் வாங்கிப் பார்க்கிறாள். கட்டுரைத் தாளில் அவள் எப்படி 20 மதிப்பெண் அதிகம் வாங்கினாள், விடையை எப்படி அமைத்தாள் என்று பார்த்தால் மனம் முதல் வழியில் போகிறது. ‘எழுத்துத் தேர்வில் ஒன்றுமில்லை, நேர்காணலில் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள்’ என்று மற்ற தோழிகளிடம் சொல்லத் தோன்றினால், இரண்டாவது வழி தொடங்கிவிட்டது. விரும்பிய பணி கிடைக்காமல் வேறு பணி அவளுக்கு ஒதுக்கப்பட்டது என்று கேட்டதும் ஒரு நிம்மதி எழுந்தால் அதுவும் அடையாளம்தான். இங்கே வேண்டியது தன்னைத் திட்டிக்கொள்வது இல்லை. அந்த வாக்கியத்தை மூன்றாவது ஆளிடம் சொல்லாமல் நிறுத்துவது. உணர்ச்சி தானாக வரும். அதைப் பேச்சாக ஊருக்குள் விடுவது நம் செயல்.

சில நேரங்களில் தகுதி பற்றிய அந்தக் கேள்விக்குப் பின்னால் நியாயமும் இருக்கும். ஒருத்திக்கு வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வந்தது. மற்றவள் காலையில் டியூஷன் எடுத்துவிட்டு மதியம்தான் நூலகத்துக்கு வந்தாள். பொதுப் பிரிவினருக்கு ஆறு வாய்ப்புகள், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்பது என்று விதி சொன்னாலும், எத்தனை வருடம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை வீட்டு நிலைமைதான் முடிவு செய்கிறது. தகுதியற்றவருக்குக் கிடைத்ததைக் கண்டு எழும் சினத்தை அரிஸ்டாட்டில் பொறாமையிலிருந்து பிரித்து வைத்தது சரியான செயல். இந்த மனக்குறையைப் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் அதற்குரிய முகவரி வேறு. தோழி அந்த ஏற்பாட்டை உண்டாக்கியவள் அல்ல.

இனி இரண்டாவது கேள்வி. என்ன சொல்வது?

கஷ்டத்தில் உடன் நிற்பவரே நண்பர் என்று நாம் காலங்காலமாக நம்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிள் அந்த நம்பிக்கையின் மறுபக்கத்தைப் பார்த்தார். ஒருவர் நல்ல செய்தி சொல்லும்போது எதிரில் இருப்பவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பது அவருடைய கேள்வி. 2004இலும் 2006இலும் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுகளில் கிடைத்தது வியப்பானது. 2006 ஆய்வில் காதல் இணையர்களிடையே, கெட்ட செய்தியை எதிர்கொண்ட விதத்தைவிட நல்ல செய்தியை எதிர்கொண்ட விதமே உறவின் உறுதியோடு நெருக்கமாகப் பொருந்தியது. அவை இணையர்களை வைத்துச் செய்தவை, அறைத் தோழிகளை வைத்து அல்ல. இருந்தாலும் அவர் பிரித்துக் காட்டிய நான்கு வகை மறுமொழிகள் நட்பிலும் அன்றாடம் கேட்பவைதான்.

“டி, லிஸ்ட்ல என் பேர் இருக்குடி!” என்று போன் வருகிறது. ஒரு மறுமொழி: “ஐயோ நிஜமாவாடி! எங்க இருந்த அப்போ? யாரு முதல்ல பார்த்தா? அம்மா என்ன சொன்னாங்க?” இரண்டாவது: “சூப்பர்டி, வாழ்த்துகள்.” மூன்றாவது: “சரி, கேடர் எங்கயாவது மூலையில போட்டுட்டா என்னடி பண்ணுவ? வீட்டுல விடுவாங்களா?” நான்காவது: “ஓ. சரிடி. நான் மெஸ்ல இருக்கேன், அப்புறம் பேசட்டுமா?”

கேபிளின் ஆய்வில் உறவுக்கு நல்லது செய்தது முதல் வகை மட்டும்தான். மூன்றாவதும் நான்காவதும் கெடுக்கும் என்பது எதிர்பார்த்ததே. கவனிக்க வேண்டியது இரண்டாவது. அன்பான சொல், புன்னகை, ஆனால் அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை. அதுவும் பலவீனமான உறவோடுதான் சேர்ந்து காணப்பட்டது. மனதுக்குள் பொறாமையோடு போராடும் நல்ல பெண் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் இதுவே. ‘நடிக்கக் கூடாது, மனதில் இல்லாததைச் சொல்லக் கூடாது’ என்ற நேர்மையில் அவள் சுருக்கமாகப் பேசிவிட்டு ஒதுங்குகிறாள். எதிர்ப்பக்கத்தில் அது குளிர்ச்சியாகப் போய்ச் சேர்கிறது.

முதல் வகையின் நான்கு வாக்கியங்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். ‘எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா’ என்ற பேச்சே அவற்றில் இல்லை. எல்லாம் கேள்விகள். தன் உணர்ச்சியை அளந்து சொல்ல வேண்டிய கட்டாயமே அங்கே கிடையாது. பொறாமை இருக்கும் மனதுக்கும் கேள்வி கேட்க முடியும், அதில் பொய் ஒன்றும் இல்லை. பதில் வரத் தொடங்கியதும், அவளுடைய அப்பா அலுவலகத்தில் எழுந்து நின்று அழுதார் என்று கேட்டதும், மகிழ்ச்சி தானாகவே கொஞ்சம் மேலே வரும். சொல்ல ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் உடனிருந்தவள் மட்டுமே சொல்லக்கூடியதைச் சொல்லலாம்: “போன வருஷம் எத்திக்ஸ் பேப்பர் போச்சுன்னு படி மேல உட்கார்ந்து அழுதியே, அதை நான் பார்த்தவ. நீ எழுந்து வந்துட்டடி.” ஊரெல்லாம் அனுப்பும் வாழ்த்துகளுக்கு நடுவில் இது தனியாக நிற்கும்.

குரல் உடைந்துவிடும் என்று தோன்றினால் அன்று போனை எடுக்க வேண்டாம். ஆனால் அன்றே ஒரு செய்தி போக வேண்டும், பேசும் நேரமும் அதிலேயே இருக்க வேண்டும். “பார்த்துட்டேன்டி, கலக்கிட்ட. இன்னிக்கு உன் வீட்டுல கூட்டமா இருக்கும். நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடறேன், முழுக் கதையும் எனக்கு வேணும்.” சொன்ன நேரத்தில் கூப்பிட்டுவிட வேண்டும். ஒரு வாரம் மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்த ஒரு வாரம்தான் அவளுக்கு நினைவிருக்கும்.

தவிர்க்க வேண்டியவற்றில் ‘உனக்கு அதிர்ஷ்டம்டி’ என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைவிட நுணுக்கமானது ஒன்று: “நானெல்லாம் வேஸ்ட்டுடி, நீயாச்சும் பாஸ் பண்ணியே.” பணிவாகத் தெரியும் இந்த வாக்கியம், அவளை அந்த நிமிடமே ஆறுதல் சொல்பவளாக மாற்றிவிடுகிறது. தன் வாழ்க்கையின் பெரிய நாளில் அவள் ‘அப்படிச் சொல்லாதடி’ என்று நம் கண்ணீரைத் துடைக்க வேண்டிவருகிறது.

அப்படியானால் மனதில் இருப்பதை அவளிடம் எப்போதுமே சொல்லக் கூடாதா? முதல் சில நாட்களில் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நாட்கள் அவளுடையவை. அந்த நேரத்தில் நம் ஆறுதலுக்கு வேறு ஆள் வேண்டும்: அக்கா, அம்மா, தேர்வு எழுதாத ஒரு பழைய சிநேகிதி. ஆனால் வாரங்கள் போய், பேச்சு குறைந்து, ‘ஏன்டி இப்படி இருக்க’ என்று அவளே கேட்டுவிட்டால், மழுப்புவதைவிடச் சொல்வது நல்லது. சொல்லும்போது நம் இழப்பைச் சொல்ல வேண்டும், அவள் வெற்றியை எடை போடக் கூடாது. “உனக்குக் கிடைச்சதுல எனக்கு நிஜமாவே சந்தோஷம்டி. எனக்குக் கிடைக்கலையேன்னு அழுகையும் வருது. ரெண்டும் சேர்ந்தே இருக்கு. பாராட்டு விழாவுக்கு என்னால வர முடியலைன்னா உன் மேல கோபம்னு நினைக்காத. மசூரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேர் மட்டும் ஒருநாள் வெளிய போவோம்.” இந்தப் பேச்சில் குற்றச்சாட்டு இல்லை, மன்னிப்புக் கேட்கும் கட்டாயமும் இல்லை. விழா மேடைக்கு வர முடியாதவள் எங்கே வர முடியும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

இந்தப் பேச்சு நம் ஊரில் கடினமாக இருப்பதற்குக் கண்ணேறு பற்றிய நம்பிக்கை ஒரு காரணம். பிரிலிம்ஸ் தேறியதையே ‘சொன்னா கண் பட்டுடும்’ என்று வீட்டில் மறைக்கச் சொல்வார்கள். முடிவு வந்த அன்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தேறாத தோழிக்கு, அந்தக் கண் தன்னுடையதுதானோ என்ற கூச்சம் வந்துவிடுகிறது. அம்மாவின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொறாமை மற்றவர்மேல் பாய்ந்து கேடு செய்யும் என்று நம்பும் வீட்டில் ‘எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது’ என்று எந்தப் பெண்ணும் வாய் திறக்க முடியாது.

வெற்றி பெற்றவள் செய்யும் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. தோழி வருந்துவாளே என்று அவள் மறைக்கத் தொடங்குகிறாள். டெல்லியில் மாதிரி நேர்காணலுக்குப் போனதைச் சொல்வதில்லை, பாராட்டு விழாவைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. அனபெல் ராபர்ட்ஸ், எம்மா லெவைன், ஓவுல் செசர் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வெற்றியை மறைப்பது உறவைக் கெடுக்கிறது என்று காட்டியது. மறைக்கப்பட்டவர்கள் அதை இரக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்களைத் தாங்கிக்கொள்ள முடியாத சிறுபிள்ளையாக நினைத்துவிட்டதாக உணர்ந்தார்கள், நம்பிக்கையும் குறைந்தது. யூடியூப் நேர்காணலில் மற்றவர்களோடு சேர்ந்து அந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ளும் தோழிக்கு, தேர்வில் தோற்றதைவிட இது பெரிய அடியாக இருக்கலாம். முதலில் அவளுக்குத் தெரிய வேண்டும், நேராகத் தெரிய வேண்டும், சுருக்கமாகத் தெரிய வேண்டும்.

தேறியவள் சொல்லக் கூடாத வாக்கியமும் ஒன்று உண்டு: “அடுத்த வருஷம் உனக்குத்தான்டி.” அந்த வாக்குறுதியைக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அதைவிட “என் ஆன்சர் காப்பி, நோட்ஸ் எல்லாம் இங்கதான் இருக்கு. எப்போ வேணும்னு நீயே சொல்லு, நானா அனுப்ப மாட்டேன்” என்பது பயன்படும். கேட்கும் உரிமையும் கேட்காமல் இருக்கும் உரிமையும் தேறாதவளிடமே இருக்கின்றன. அவள் இனி எழுதப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தால், அந்த முடிவைச் சொல்லவும் அது இடம் கொடுக்கிறது.

இந்த வருடப் பட்டியலில் உங்கள் தோழியின் பெயர் இருந்து உங்கள் பெயர் இல்லாமல் போயிருந்தால், மனம் தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தெளிவதற்கு மாதங்கள் ஆகலாம். இன்றைக்கே கூப்பிட்டு, ‘முடிவு வந்தப்போ எங்க இருந்த?’ என்று கேளுங்கள். அதன் பிறகு போனை வைத்துவிட்டு அழுதாலும் ஒன்றும் குறைந்துவிடாது.